சொட்டாத அறையிலும் ஈரம்

கான்கிரீட் கூரை ஒழுகினால் சொட்டும் இடத்தை மட்டும் பார்ப்பது நம் வழக்கம். தளத்துக்குள் புதைத்த பிவிசி குழாய் வழியே நீர் இறங்கி, ஒரு சொட்டும் விழாத அறையின் சுவிட்ச் பெட்டியில் தேங்கியிருக்கலாம். மெயினை அணைப்பது பாதி வேலைதான். இன்வெர்ட்டரையும் நிறுத்த வேண்டும். மெயின் போர்டே நனைந்திருந்தால் தொடாமல் மின்வாரியத்தை அழையுங்கள். ஹேர் டிரையர் காட்டினால் பிளேட்டின் முகம் காயும், குழாய்க்குள் நிற்கும் நீர் காயாது. எலக்ட்ரீசியனிடம் பெட்டியைக் கழற்றி, பச்சை பூத்த சாக்கெட்டை மாற்றி, எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு, 500 வோல்ட் மெக்கரால் வயரைச் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டுக்கு இன்று மின்சாரம் வேண்டாம். ஆர்சிசிபி திரும்பத் திரும்ப விழுகிறதென்று அதை விலக்கி நேரடி இணைப்புக் கொடுக்கும் கெட்டிக்காரரை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.