மாதம் ஒரு லட்சம்... பாதிதான் நிச்சயம்!

'சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை. ஆண்டுக்கு 12 லட்சம் OTE.' மென்பொருள் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் இப்படி ஒரு வரி இருக்கும். மாதம் ஒரு லட்சம் என்று உடனே மனக்கணக்கு ஓடும்.

OTE என்றால் 'ஆன் டார்கெட் எர்னிங்ஸ்'. கொடுத்த டார்கெட்டை முழுதாக எட்டினால் கிடைக்கும் தொகை அது. பாதிக்குப் பாதி என்று பிரித்திருந்தால், 6 லட்சம்தான் நிலையான சம்பளம். மீதி 6 லட்சம், விற்றால் வரும் இன்சென்டிவ்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டு டார்கெட் 60 லட்ச ரூபாய் விற்பனை. காலாண்டுக்கு 15 லட்சம். அதை எட்டினால் இன்சென்டிவ் ஒன்றரை லட்சம். ஆனால், ஒரு காலாண்டில் டார்கெட்டில் 60 சதவிகிதத்தைத் தொடாவிட்டால் எதுவும் இல்லை என்பது நிபந்தனை.

புதிதாகச் சேர்ந்தவர் பொருளைப் புரிந்துகொண்டு, வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பதற்குள் முதல் காலாண்டு போய்விடும். விற்பனை 3 லட்சம், இன்சென்டிவ் பூஜ்யம். அடுத்ததில் 8 லட்சம் விற்கிறார். அது 53 சதவிகிதம்தான் என்பதால் அதற்கும் பூஜ்யம். மூன்றாவதில் 12 லட்சத்துக்கு விற்று 1.2 லட்சமும், நான்காவதில் 13 லட்சத்துக்கு விற்று 1.3 லட்சமும் பெறுகிறார். ஆக, டார்கெட்டில் 60 சதவிகிதம் விற்றவருக்கு, இன்சென்டிவில் கிடைத்தது 42 சதவிகிதத்துக்கும் குறைவு. 12 லட்சம் என்று நம்பி வந்தவர் கையில் ஆண்டு முடிவில் எட்டரை லட்சம்.

இது அவருடைய திறமைக் குறைவு மட்டுமல்ல. நிறுவனத்துக்கு 5 கோடி விற்பனை வேண்டுமென்றால், பத்துப் பேருக்கும் சேர்த்து 6 கோடிக்கு டார்கெட் கொடுப்பது வழக்கமான ஏற்பாடு. சிலர் எட்டமாட்டார்கள் என்பது டார்கெட் போடும்போதே தெரிந்த விஷயம். டார்கெட்டைத் தாண்டி அள்ளுபவர்களும் உண்டுதான். ஆனால் விளம்பரத்துக்கு அவர்கள்தான் முகம்.

எனவே நேர்காணலில் 'டார்கெட் எட்டக்கூடியதா?' என்று கேட்டுப் பயனில்லை. 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். 'இதே வேலையில் இருப்பவர்களில் எத்தனை பேர் போன வருடம் முழு டார்கெட்டை எட்டினார்கள்? நடுவில் இருப்பவர் எவ்வளவு வாங்கினார்?' என்று எண்ணிக்கையாகக் கேட்க வேண்டும். மழுப்பினால் அதுவே பதில்.

அடுத்து, முதல் மாதங்களுக்குக் குறைந்த டார்கெட்டோ, உறுதியான இன்சென்டிவோ உண்டா? ஆர்டர் கிடைத்ததும் பணமா, வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகா? அவர் பாதியில் விலகினால், கொடுத்த இன்சென்டிவைத் திரும்பப் பிடிப்பார்களா? இவை எழுத்தில் இருக்க வேண்டும்.

வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மாதத் தவணை எல்லாவற்றையும் அந்த 50 ஆயிரத்துக்குள் திட்டமிட முடிகிறதா? முடியும் என்றால் தாராளமாகச் சேரலாம். மேலே வருவது சேமிப்பு.