தண்ணீர் மெஷின் பூட்ட முன்னர் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்



இடமாற்றம் கிடைத்து வெளியூரில் வாடகை வீடு எடுத்து இருக்கும் ஆசிரியக் குடும்பங்கள் எங்களில் நிறைய. அனுராதபுரம், பொலன்னறுவை பக்கம் போனவர்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். கேத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, தேநீரின் நிறமே மாறிவிடுகிறது. வகுப்பில் சில பிள்ளைகள் சிரித்தால் பற்களில் கபில நிறக் கறை தெரிகிறது. அது புளோரைட் கூடிய கிணற்று நீரைச் சிறு வயதிலிருந்து குடிப்பதால் வருவது. கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர புளோரைட் போகாது. சாதாரண மண் பில்டரும் கேண்டில் பில்டரும் அதை எடுக்காது. அதனால்தான் நாங்கள் ஆர்.ஓ. மெஷின் வாங்குகிறோம்.

மெஷின் எங்கள் காசு, வீடு இன்னொருவருடையது. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. பூட்டும் நாளில் யாரும் பேசுவதில்லை. காலி செய்யும் நாளில்தான் இரு பக்கமும் பேசத் தொடங்குகிறோம். அன்றைக்கு அட்வான்ஸ் காசு வீட்டுக்காரர் கையில், சாமான் லொறியில், மனது சூடாக.

எங்கள் கருத்து இதுதான். “பூட்டலாமா?” என்ற கேள்வியும் “போகும்போது கழற்றிக்கொண்டு போகலாமா, விட்டுவிட்டுப் போகவா?” என்ற கேள்வியும் ஒன்றாகவே, பூட்டுவதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டும். முதலாவதை மட்டும் கேட்டு இரண்டாவதை விட்டால் பாதி அனுமதிதான் வாங்கியிருக்கிறோம்.

முதலில், எதற்கு அனுமதி வேண்டும் என்பதைப் பார்ப்போம். மேசையில் வைக்கும் பில்டருக்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆர்.ஓ. மெஷின் அப்படியல்ல. அது வீட்டை மூன்று இடங்களில் தொடுகிறது. சிங்குக்குக் கீழே வரும் பைப்பில் ஒரு டீ வால்வு போட்டுத் தண்ணீர் எடுக்கிறது. கழிவு நீரை வெளியேற்ற சிங்கின் கழிவுப் பைப்பில் சிறிய துளை போடுகிறார்கள். மெஷினைத் தொங்கவிட சுவரிலும், தனி டெப் வைப்பதானால் கிரனைட்டிலும் துளை விழுகிறது. கூடவே ஒரு கரண்ட் பிளக்கும் தேவை.

இந்த மூன்றையும் வீட்டுக்காரர் வேறு விதமாகப் பார்க்கிறார். அவருடைய பயம் நியாயமானது. டீ வால்வு இரவில் சொட்டினால் பென்ட்ரி கபட்டின் பலகை ஊதிப்போகும். கிரனைட்டில் விழுந்த துளை எப்போதைக்கும் துளைதான். கழிவு நீர் பற்றியும் அவருக்குக் கேள்வி இருக்கும். வீட்டு மெஷின்களில் ஒரு லீட்டர் நல்ல தண்ணீர் வர இரண்டு, மூன்று லீட்டர் வெளியே போவது சாதாரணம். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 15 லீட்டர் எடுத்தால் 30 முதல் 45 லீட்டர் வரை கழிவாகப் போகும். வரட்சிக் காலத்தில் கிணறு வற்றும் ஊரில், மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீர் அப்படிப் போவது அவருக்குக் கவலை தரும்.

ஆகவே அனுமதி கேட்கும்போது வெறுமனே “ஒரு பில்டர் பூட்டட்டுமா?” என்று கேட்காமல், இந்த மூன்றுக்கும் பதிலோடு போக வேண்டும். கிரனைட்டில் துளை போடாமல், முன்பக்கத்திலேயே டெப் உள்ள, சுவரில் தொங்கும் மெஷினை வாங்கலாம். அதற்கு இரண்டு ஆணித் துளை போதும். அவற்றையும் டைல்ஸின் நடுவில் போடாமல், இரண்டு டைல்ஸ் சேரும் இணைப்புக் கோட்டில் போடச் சொல்லலாம். கழற்றிய பிறகு அதை டைல்ஸ் கிரவுட்டால் அடைத்தால் கிட்டத்தட்டத் தெரியாது. கழிவுப் பைப்பைத் துளைக்காமல் கழிவு டியூபை ஒரு வாளிக்குள் விட்டு, அந்தத் தண்ணீரை மலசலகூடத்துக்கும் நிலம் கழுவவும் எடுக்கலாம். அதில் உப்பு கூடியிருப்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றுவது நல்லதல்ல.

எங்களோடு படிப்பித்த ஒரு ஆசிரியர் செய்ததைச் சொல்கிறோம். அவருடைய வீட்டுக்கார ஹாஜியாருக்கு அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

“அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார். குடிதண்ணிக்கு ஆர்.ஓ. மெஷின் ஒன்று பூட்ட உங்கட அனுமதி கேக்கிறன். குசினிச் சுவரில டைல்ஸ் இணைப்பில ரெண்டு துளை, சிங்குக்குக் கீழ ஒரு டீ வால்வு. கிரனைட்டில துளை இல்ல. செலவு என்ட. தண்ணி ஒழுகி கபட் பழுதானா திருத்தித் தருவன். வீடு விட்டுப் போகேக்க மெஷினக் கழட்டி, துளைய அடைச்சி, பைப்புக்கு மூடி போட்டுத் தருவன். இல்ல, நீங்க வைக்க விரும்பினா அதுக்கும் ஒரு கணக்கு இப்பவே பேசுவம்.”

ஹாஜியாரின் பதில் இரண்டு வரி. “சேர், நல்ல விஷயம். கணக்கையும் சொல்லுங்க, மெஷின் வீட்டோட இருந்தா அடுத்து வாறவங்களுக்கும் உதவும்.”

அவர்கள் பேசிய கணக்கு எல்லோருக்கும் புரியும் கணக்கு. மெஷின் 48,000 ரூபாய், ரசீது இருக்கிறது. ஐந்து வருடம், அதாவது 60 மாதம் பாவிக்கலாம் என்று இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். அப்படியானால் மாதத்துக்கு 800 ரூபாய் தேய்மானம். பில்டர் கார்ட்ரிட்ஜ் மாற்றும் செலவு குடியிருப்பவருடையது, அது கணக்கில் சேராது. 26 மாதத்தில் ஆசிரியருக்கு மாற்றம் வந்தது. 26 மாதத்துக்கு 20,800 ரூபாய் கழிந்தது, மீதி 27,200 ரூபாய். ஹாஜியார் அட்வான்ஸோடு அதையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் பேச எதுவும் மிச்சமிருக்கவில்லை. விலை பேசப்பட்டது மெஷின் புதிதாக இருந்த அன்று, யாருக்கும் அவசரம் இல்லாத நேரத்தில்.

“எங்கள் பொருளை ஏன் விட்டுவிட்டு வர வேண்டும்?” என்று சிலர் கேட்கிறார்கள். உரிமை இருக்கிறது, எடுத்துக்கொண்டு வரலாம். ஆனால் எடுத்துவருவதிலும் செலவு இருக்கிறது. ஆர்.ஓ. மெஷினின் உயிர் அதன் மெம்பிரேன். ஒருமுறை நனைந்த மெம்பிரேன் காய்ந்தால் பழுதாகும். உள்ளே தண்ணீரோடு வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் கிருமி வளரும். கழற்றி, பெட்டியில் போட்டு, இரண்டு மாதம் கழித்துப் புது வீட்டில் பூட்டினால் மெம்பிரேனும் கார்ட்ரிட்ஜும் புதிதாகப் போடத்தான் வேண்டும். பாஸுக்கும் மறுபடி கூலி. அது மட்டுமல்ல, புது வீட்டில் நீர் வழங்கல் சபையின் சுத்திகரித்த நல்ல தண்ணீர் வருமானால் அந்த மெஷின் அங்கே தேவையே இல்லாமல் போகலாம்.

அதனால் எடுப்பதா விடுவதா என்பதை எங்களுக்குள் முடிவு செய்யும்போது பார்க்க வேண்டியது, அடுத்த வீட்டுத் தண்ணீர் எப்படி என்பதை. அடுத்ததும் அதே கிணற்று நீர் என்றால், இரண்டொரு நாளில் பூட்ட முடியும் என்றால், எடுத்துப் போவது புத்தி. இல்லையென்றால் கணக்குப்படி விட்டுவிட்டு வருவதுதான் இலாபம். போகும் நாளில் எது பொருந்தும் என்று இன்று தெரியாது. ஆகவே இரண்டு வழியையும் ஒப்பந்தத்தில் எழுதி, எதைத் தெரிவு செய்கிறோம் என்பதைக் காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்னர் சொல்வதாக வைத்துக்கொள்வது நல்லது.

“சட்டம் என்ன சொல்கிறது?” என்றும் கேட்பார்கள். எங்கள் நாட்டின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். ஒரு பொருள் வீட்டோடு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க, அது எப்படிப்பட்ட பொருள், எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது, என்ன நோக்கத்தோடு இணைக்கப்பட்டது ஆகிய மூன்றையும் பார்ப்பார்கள். இரண்டு ஆணியில் தொங்கும் மெஷினைக் கழற்றக்கூடிய பொருள் என்று வாதிடலாம். சுவருக்குள் பதித்த பைப்பை அப்படிச் சொல்வது கஷ்டம். நோக்கம் என்னவென்று பிறகு நிரூபிப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அன்று அனுப்பிய ஒரு செய்தியும் அதற்கு வந்த “ஓம்” என்ற பதிலும் அந்த நோக்கத்தைக் காட்டிவிடும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது. எப்படியும் நொத்தாரிசிடம் போவதானால், மெஷின் பற்றி இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

கழற்றும் நாளில் செய்ய வேண்டியவையும் உண்டு. டீ வால்வை வெறுமனே மூடிவிட்டு வரக்கூடாது. யாராவது கபட்டுக்குள் சட்டி வைக்கும்போது கை பட்டால் திறந்துகொள்ளும், வீடு முழுக்கத் தண்ணீர். வால்வின் வாய்க்குத் திருகு மூடி போட வேண்டும், அல்லது டீயையே கழற்றிப் பழைய பைப்பைப் பூட்ட வேண்டும். கழிவுப் பைப்பில் துளை இருந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். பிறகு இணைப்புக்குக் கீழே ஒரு டிஷூக் கடதாசியை விரித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் அது காய்ந்திருந்தால் வேலை சரி. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பாஸை மறுபடி கூப்பிடுங்கள். பூட்ட முன்னர் ஒன்று, பூட்டிய பின்னர் ஒன்று, கழற்றிய பின்னர் ஒன்று என மூன்று படம் எடுத்து அதே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் திகதியோடு ஆதாரம் கிடக்கும்.

வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. “கழட்டக் கூடாது, காசும் தர ஏலாது” என்று போகும் நாளில் சொல்வது நியாயமில்லை. மெஷின் வீட்டில் நிற்க வேண்டுமென்றால் பூட்டும் நாளிலேயே சொல்லுங்கள், விலையையும் பேசுங்கள். விருப்பமில்லையென்றால் அதையும் அன்றே சொல்லுங்கள், நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிச் சமாளிப்போம். அதேபோல, கேட்காமல் கிரனைட்டைத் துளைத்துவிட்டு “சின்னத் துளைதானே” என்று சொல்லும் எங்கள் ஆட்களுக்கும் நாங்கள் வக்காலத்து வாங்க மாட்டோம்.

உங்கள் ஊரில் இதை எப்படிப் பேசி முடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஜனவரியில் இடமாற்றத்தோடு வீடு தேடப்போகும் ஆசிரியர்களுக்கு உதவும்.