டேஷ்போர்டு காட்டும் 40 சதவிகிதம், எதில் 40?

காரைக்கால் சின்ன ஊர். நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்தப் புதுச்சேரிப் பகுதியின் பரப்பு சுமார் 160 சதுர கி.மீ.தான். காரை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போனாலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் எல்லை வந்துவிடும். ‘நம்ம கார் ஓடுறதே இல்லைங்க, மூவாயிரம்தான் ஆகியிருக்கு, ஆயில் புதுசாத்தான் இருக்கும்’ என்று இங்கே பலரும் நம்புவதற்கு இதுதான் காரணம். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரே தெருவில் ஒரே மாடலில் இரண்டு பெட்ரோல் கார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கார்க்காரருக்குத் திருநள்ளாற்றில் கடை. காலையில் 5 கி.மீ. போகிறார், இரவு 5 கி.மீ. திரும்புகிறார். வருடத்தில் 300 நாள் போனால் 3,000 கி.மீ. இரண்டாவது கார்க்காரர் வருடத்தில் 40 முறை புதுச்சேரி போய்வருகிறார். ஒரு வழி 130 கி.மீ. என்று வைத்தால் மொத்தம் 10,400 கி.மீ.

இப்போது டேஷ்போர்டுக்கு வருவோம். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் எரியும் ஸ்பானர் படம், வெறும் கழித்தல் கணக்குதான். கடைசியாக ரீசெட் செய்த நாளிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள் என்று எண்ணும். குறித்த எண் வந்ததும் விளக்கு எரியும். ஆயிலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கணக்கில் முதல் கார் 10,000 கி.மீ.யில் மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை.

இன்னொரு வகைதான் ‘Oil Life 40%’ என்று சதவிகிதம் காட்டுவது. இதைப் பார்த்ததும், என்ஜினுக்குள் ஏதோ கருவி ஆயிலைத் தொட்டுச் சோதித்துச் சொல்கிறது என்று தோன்றும். பெரும்பாலான கார்களில் அப்படி எந்தக் கருவியும் கிடையாது. இதுவும் கணக்குதான், ஆனால் கொஞ்சம் புத்திசாலிக் கணக்கு. 1980களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் ஷெர்லி ஷ்வார்ட்ஸ் என்ற வேதியியலாளரும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. ஆயில் கெடுவதைத் தீர்மானிப்பது தூரத்தைவிட, என்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, அப்போது ஆயில் எவ்வளவு சூட்டில் இருந்தது என்பவைதான் என்று அவர்கள் கண்டார்கள். அதனால் கம்ப்யூட்டர் என்ஜின் சுற்றுகளை எண்ணும். ஆயில் மிதமான சூட்டில் இருந்தால் ஒரு சுற்றை ஒன்றாக எண்ணும். அளவுக்கு மீறிக் கொதித்தாலும், சூடேறாமல் இருந்தாலும், அதே சுற்றை ஒன்றுக்கு மேலாக எண்ணும். வட்டி போடுவது மாதிரி.

கொதித்தால் கெடும் என்பது புரிகிறது. சூடேறாவிட்டால் ஏன் கெட வேண்டும்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் பக்கம் இறங்கும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். நீண்ட ஓட்டத்தில் ஆயில் நன்றாகச் சூடாகி, இவை ஆவியாக வெளியேறிவிடும். ஐந்து கிலோமீட்டரில் என்ஜினை நிறுத்தினால் உள்ளேயே தங்கிவிடும். டேஷ்போர்டின் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். அது ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. ஆயில் சூடேற அதைவிட நேரமாகும். தங்கிய தண்ணீர் அமிலத்துக்கு வழி செய்யும். அமிலத்தை முறிக்க ஆயிலில் கலந்திருக்கும் மருந்து மெல்லத் தீர்ந்துபோகும். நம் ஊர் வெயிலில், பனி பெய்யும் நாடுகளைவிட இந்தப் பாதிப்பு குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை.

இந்த முறையில் நம் இரண்டு கார்களையும் எண்ணிப் பார்ப்போம். திருநள்ளாறு கார் வருடத்தில் 600 முறை கிளம்புகிறது. ஒவ்வொரு முறையும் 14 நிமிடம், நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் மொத்தம் 1.26 கோடிச் சுற்று. புதுச்சேரி கார் 80 முறை கிளம்புகிறது. ஒவ்வொரு முறையும் 3 மணி நேரம், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் 2.88 கோடி. தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத முதல் கார், சுற்றில் கிட்டத்தட்டப் பாதியைத் தொட்டுவிட்டது. அதன் ஓட்டமெல்லாம் சூடேறாத ஓட்டம் என்பதால், புரிதலுக்காக ஒரு சுற்றை இரண்டாக எண்ணினால் 2.52 கோடி. அதாவது இரண்டு கார்களின் ஆயிலும் ஏறக்குறைய ஒரே அளவு உழைத்திருக்கின்றன. (உண்மையான வட்டி விகிதம் காருக்குக் கார் மாறும்.) கையேட்டில் ‘10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முந்தியோ அது’ என்று போட்டிருப்பதில், நாம் கண்டுகொள்ளாத அந்த 12 மாதம்தான் முதல் காருக்கு உரியது. பல கையேடுகளில் ‘கடினமான பயன்பாடு’ என்று தனி அட்டவணையும் இருக்கும். அடிக்கடி குறுந்தூரம் ஓட்டுவது அதில் இருந்தால், அங்கே சொன்ன குறைந்த இடைவெளியைத்தான் பின்பற்ற வேண்டும்.

அப்படியானால் சதவிகிதத்தை முழுசாக நம்பலாமா? அதற்கும் தெரியாதவை உண்டு. ஊற்றியது நல்ல ஆயிலா, போலியா, சரியான கிரேடா என்று தெரியாது. கசிந்து பாதியாகிவிட்டதா என்பதும் தெரியாது. ஆயில் மாற்றாமலே யாராவது ரீசெட் செய்தால் 100 காட்டும். மாற்றிவிட்டு ரீசெட் செய்ய மறந்தால் பழைய கணக்கே ஓடும். ஆகவே சர்வீஸ் முடிந்து கார் கைக்கு வந்ததும் பில்லில் ஆயிலின் கிரேடும், டேஷ்போர்டில் ரீசெட் ஆன எண்ணும் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதையெல்லாம் தாண்டி ஆயிலை நேரில் காட்டுவது டிப்ஸ்டிக்தான். மாதம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்துக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்கு இறங்கியிருந்தால் அதே கிரேடு ஆயில் ஊற்ற வேண்டும். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் அது சந்தோஷப்படும் விஷயமல்ல. எரிபொருளோ தண்ணீரோ கலந்திருக்கிறது. முகர்ந்தால் பெட்ரோல் வாடையும் வரலாம். புகை வடிகட்டி உள்ள பி.எஸ்.6 டீசல் கார்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க என்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தும். அது முடிவதற்குள் அடிக்கடி நிறுத்தினால் டீசல் ஆயிலில் இறங்கிவிடும்.

ஆயில் மூடியின் அடியில் வெளிர்மஞ்சளாகக் க்ரீம் போல் படிந்திருந்தால், அது தண்ணீர் தங்குவதன் அடையாளம். வாரம் ஒருமுறை நாகப்பட்டினம் வரை நிறுத்தாமல் போய்வந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலே பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது காரை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்வதுதான் சரி. நீண்ட ஓட்டம் தண்ணீரை விரட்டும். தீர்ந்துபோன மருந்தைத் திருப்பித் தராது. அதனால் மீட்டர் 3,000 காட்டினாலும், 12 மாதம் ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டியதுதான்.