'3 நாளில் அனுப்புவோம்': ஆன்லைனில் விற்கும் சிறு வியாபாரி இந்தத் தேதியை எப்படிக் கணக்கிட வேண்டும்?

பகலில் ஆபீஸ் வேலை, வார இறுதியில் ஆன்லைனில் சின்னதாக ஒரு வியாபாரம். கையால் செய்த மெழுகுவர்த்தி, துணிப்பை, கம்மல், ஊறுகாய் என்று இப்படி விற்பவர்கள் உங்கள் நண்பர் வட்டத்திலேயே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஒருவேளை நீங்களே அதில் ஒருவராக இருக்கலாம்.

பொருளின் படத்துக்கும் விலைக்கும் மணிக்கணக்கில் யோசிப்பவர்கள், லிஸ்டிங்கில் ஒரு கட்டத்தை மட்டும் யோசிக்காமல் நிரப்பிவிடுகிறார்கள். எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்று கேட்கும் கட்டம் அது. மற்ற கடைக்காரர் 2 நாள் போட்டிருந்தால் நாமும் 2 நாள் போட்டுவிடுகிறோம். பத்து நிமிடத்தில் மளிகை வந்து இறங்கும் ஊரில் 5 நாள் என்று போட்டால் யார் வாங்குவார்கள் என்ற பயம்தான் காரணம்.

ஆனால் அந்த எண் வெறும் விளம்பரம் இல்லை, சட்டப்படி அது ஒரு வாக்குறுதி.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள், விற்பனையாளரின் கடமைகளைத் தனியாகப் பட்டியலிடுகின்றன. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது. இது பலருக்கும் தெரியும். அதே விதியில் இன்னொரு காரணமும் இருக்கிறது: சொன்ன தேதியைத் தாண்டிப் பொருள் போய்ச் சேர்ந்தாலும் மறுக்க முடியாது.

இயற்கைப் பேரிடர் போல யார் கையிலும் இல்லாத காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு. 'டெய்லர் ஊருக்குப் போயிட்டார்' என்பது அந்த விலக்கில் வராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அமேசான், ஃப்ளிப்கார்ட் போன்ற தளங்களில் விற்றாலும் சரி, சொந்த இணையதளம் வைத்து விற்றாலும் சரி, இந்தக் கடமை இருக்கிறது.

அதாவது, பொருளில் ஒரு குறையும் இல்லை, ஆனால் நீங்கள் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் கழித்துப் போனது என்றால், வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம். பெயர் தைத்துக் கொடுத்த பையை வேறு யாருக்கு விற்பீர்கள்?

ஒரு தேதிக்குள் இரண்டு கணக்கு

வாங்குபவர் திரையில் பார்ப்பது ஒரே ஒரு டெலிவரி தேதி. அது இரண்டு காலங்களைக் கூட்டி வருவது. ஆர்டர் வந்ததிலிருந்து பார்சல் கூரியர் கைக்குப் போகும் வரை ஆகும் காலம் முதலாவது. இதை அமேசான் 'ஹேண்ட்லிங் டைம்' என்கிறது, எட்ஸி 'ப்ராசஸிங் டைம்' என்கிறது, ஃப்ளிப்கார்ட்டில் 'ப்ரொக்யூர்மென்ட் எஸ்எல்ஏ' என்று இருக்கும். பார்சல் பயணிக்கும் காலம் இரண்டாவது. முதலாவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது கூரியர் கையில் இருக்கிறது, ஆனால் அதையும் உங்களால் ஓரளவு சரியாகக் கணிக்க முடியும்.

சராசரியை நம்பாதீர்கள்

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். பெங்களூருவில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே, பெயர் தைத்த துணிப்பைகள் விற்கிறீர்கள். கடைசி 20 ஆர்டர்களை ஒரு ஷீட்டில் எழுதுங்கள். ஆர்டர் வந்த நாள், கூரியர் முதல் ஸ்கேன் செய்த நாள், நடுவில் எத்தனை வேலை நாள். மூன்று காலம் போதும்.

லேபிள் பிரின்ட் எடுத்த நாளை எழுதாதீர்கள். பார்சல் வீட்டு மேஜையில் கிடக்கும்போது அது இன்னும் உங்கள் நேரம்தான்.

கணக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 5 ஆர்டர்கள் 1 நாளில் போயின, 8 ஆர்டர்கள் 2 நாளில், 3 ஆர்டர்கள் 3 நாளில், 2 ஆர்டர்கள் 4 நாளில். ஒன்றுக்கு 5 நாள் ஆனது, இன்னொன்றுக்கு 8 நாள். சராசரி பார்த்தால் 2.55 நாள். உடனே கை 3 என்று டைப் பண்ணப் போகும்.

3 போட்டால் என்ன ஆகும்? இருபதில் 4 ஆர்டர்கள் தாமதம். அதாவது ஐந்து பேரில் ஒருவரிடம் சொன்ன சொல்லைத் தவறுகிறீர்கள். 2 போட்டிருந்தால் 7 ஆர்டர்கள் தாமதம். 5 போட்டால் ஒன்று மட்டும்தான் தாமதம். சராசரி என்பது உங்கள் வேகத்தைச் சொல்லும் எண். வாக்குறுதிக்கு வேண்டியது, கிட்டத்தட்ட எல்லா ஆர்டரும் அடங்கிவிடும் எண். இந்தக் கடைக்கு அது 5.

மிச்சமிருக்கும் அந்த 8 நாள் ஆர்டரை என்ன செய்வது? அதற்காக எல்லோருக்கும் 8 நாள் போட வேண்டாம். ஏன் தாமதமானது என்று பாருங்கள். கேன்வாஸ் துணி தீர்ந்துபோய், புதிதாக வரும்வரை காத்திருந்ததுதான் காரணம் என்றால், அது நாள் கணக்கின் பிரச்சினை இல்லை, ஸ்டாக் கணக்கின் பிரச்சினை. கையில் 6 பைக்குத்தான் துணி இருக்கிறது என்றால் லிஸ்டிங்கில் 6 என்று போடுங்கள். தீர்ந்ததும் அதுவே விற்பனையை நிறுத்திவிடும்.

இருபதில் ஒன்றுதானே என்றும் விட முடியாது. விற்பனையாளரே அனுப்பும் ஆர்டர்களில், தாமதமாக அனுப்பும் விகிதம் 4 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமேசானின் அளவுகோல். இருபதில் ஒன்று என்றால் 5 சதவீதம்.

பெயர் தைக்காத ரெடிமேட் பை 1 நாளில் போகிறது என்றால், அதற்குத் தனியாகக் குறைந்த நாள் போடுங்கள். கடை முழுக்க ஒரே எண் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டையும் ஒரே ஆர்டரில் வாங்குபவருக்கு மட்டும், பெரிய எண்தான் பொருந்தும்.

வெள்ளிக்கிழமை இரவு ஆர்டர்

5 வேலை நாள் என்பதை வாங்குபவர் 5 நாள் என்றுதான் படிப்பார். உங்கள் விதி இது என்று வைப்போம்: பகல் 2 மணிக்குள் வரும் ஆர்டருக்கு அன்றே முதல் நாள், அதற்குப் பின் வந்தால் அடுத்த வேலை நாள் முதல் நாள், ஞாயிறு விடுமுறை. வெள்ளி இரவு 9 மணிக்கு ஆர்டர் வந்தால் சனி முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள், வியாழன் ஐந்தாம் நாள். ஆக, பார்சல் வியாழன் அன்றுதான் கிளம்புகிறது.

அதன்பின் பயணம். பின்கோடின் முதல் இரண்டு இலக்கங்களை வைத்து உங்கள் பழைய பார்சல்களைப் பிரித்துப் பாருங்கள். சென்னை 60, டெல்லி 11, அசாம் 78. உங்கள் ஷீட்டில் சென்னைக்கு 2 முதல் 3 நாள், குவாஹாட்டிக்கு 6 முதல் 8 நாள் என்று வருகிறது என்றால், அந்த வெள்ளிக்கிழமை ஆர்டர் சென்னைக்குச் சனி அல்லது ஞாயிறு சேரலாம். ஞாயிறு டெலிவரி இல்லாத இடம் என்றால் திங்கள். குவாஹாட்டிக்கு அதற்கு அடுத்த புதன் முதல் வெள்ளி வரை ஆகும், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து 12 முதல் 14 நாள்.

'இந்தியா முழுவதும் 7 நாளில் டெலிவரி' என்று லிஸ்டிங்கில் எழுதினால், அது குவாஹாட்டியில் இருப்பவருக்குப் பொய். தளம் அனுமதித்தால் பகுதிவாரியாகப் பயண நாளை அமையுங்கள். இல்லையென்றால் விவரணையில் எழுதுங்கள்: 'அனுப்ப 5 வேலை நாள். அதன்பின் தென் மாநிலங்களுக்கு 2-4 நாள், வடகிழக்குக்கு 6-8 நாள்.'

பண்டிகைக்கு முன்

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. டெல்லிக்கு அனுப்பும் பை 6ஆம் தேதி வெள்ளிக்குள் சேர வேண்டும். வழக்கமாக 6 நாள் ஆகும் பயணத்துக்குப் பண்டிகை நெரிசலுக்காக 2 நாள் கூட்டினால் 8 நாள். அப்படியென்றால் அக்டோபர் 29 வியாழன் பார்சல் கிளம்ப வேண்டும். அங்கிருந்து 5 வேலை நாள் பின்னால் எண்ணினால் முதல் நாள் அக்டோபர் 24 சனி. ஆக, 'தீபாவளிக்குள் டெல்லியில் வேண்டுமென்றால் அக்டோபர் 23 இரவுக்குள் ஆர்டர் செய்யுங்கள்' என்பதே நேர்மையான வரி.

இந்த மாற்றத்தை ஆர்டர்கள் குவிவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஹேண்ட்லிங் டைமைக் கூட்டினால் அது புதிய ஆர்டர்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே பணம் கட்டியவருக்குப் பழைய தேதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

'ஷிப்ட்' பட்டனை முன்கூட்டியே அழுத்தலாமா?

கடைசி நாள் வந்துவிட்டது, பை இன்னும் தையலில் இருக்கிறது. அனுப்பிவிட்டதாகப் பதிவு செய்தால் தளத்தின் கணக்கில் தப்பிக்கலாம் என்று பலரும் செய்வது இது. ஆனால் வாங்கியவர் டிராக்கிங்கைத் திறந்தால், லேபிள் உருவாக்கப்பட்டது என்ற ஒரே வரி மூன்று நாளாக நிற்கும். ஏமாற்றப்பட்டோமோ என்ற சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது. கேஷ் ஆன் டெலிவரி என்றால் கதவிலேயே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவார். திரும்பி வரும் அந்தப் பார்சலுக்கு, சொந்தமாகக் கூரியர் போடுபவர் பெரும்பாலும் போக்கும் வரத்தும் இரண்டையும் கைக்காசில் கட்ட வேண்டியிருக்கும்.

அதற்குப் பதில், தேதி தவறும் என்று தெரிந்த அன்றே ஒரு மெசேஜ் போடுங்கள்: 'வணக்கம். உங்க பையை நாளைக்கு அனுப்பறதா சொல்லியிருந்தோம். தையல் முடிய இன்னும் ரெண்டு நாள் ஆகும், வியாழன் கண்டிப்பா கிளம்பிடும். அதுவரை காத்திருக்க முடியாதுன்னா சொல்லுங்க, முழுப் பணமும் திருப்பி அனுப்பிடறோம்.' புதுத் தேதி, ரத்து செய்யும் வாய்ப்பு, இரண்டும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது தேதியும் தவறக் கூடாது என்பதால், அதில் ஒரு நாள் கூட்டியே சொல்லுங்கள்.

பயந்துபோய் எல்லாவற்றுக்கும் 15 நாள் போடுவதும் சரியில்லை. 15 என்று சொல்லி 6ஆம் நாளே போனால், வாங்கியவர் ஊரில் இல்லாமல் பார்சல் திரும்பி வரலாம். அவசரத் தேவை உள்ளவர் அந்த 15ஐப் பார்த்ததுமே வேறு கடைக்குப் போயிருப்பார்.

மாதம் ஒருமுறை அந்த ஷீட்டைத் திறந்து, கடைசி 20 ஆர்டர்களை மறுபடி எண்ணுங்கள். இருபதும் 3 நாளுக்குள் போயிருந்தால், 5 என்பதை 3 ஆக மாற்றுங்கள். அப்போது அந்த 3, பக்கத்துக் கடையைப் பார்த்துப் போட்டதாக இருக்காது.