'போரின் வலி' என்பது ஒரு கதை அல்ல

குறும்படப் போட்டிக்கு விண்ணப்பிக்கிற ஆக்களிட்ட இப்ப ரெண்டு விஷயம் கேட்கிறார்கள். ஒன்று, ஒரு பந்தியில் கதைச்சுருக்கம். மற்றது, ஒற்றை வசனத்தில் கதை, அதாவது லொக்லைன். இந்த ரெண்டாவது பெட்டிக்குள் நாங்கள் எழுதி அனுப்புகிறதைப் பாருங்கள். "போரின் வடுக்களைச் சுமக்கும் ஒரு தாயின் கதை." "சமூகத்தின் பிடியில் சிக்கிய ஒரு பெண்ணின் மௌன வலி." "காணாமல் போன கனவுகளைத் தேடும் பயணம்."

இதில ஒன்றுகூடக் கதை இல்லை. இது தலைப்பு. சமர்ப்பணம் எண்டும் சொல்லலாம். யார், என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்ற மூன்றில் ஒன்றும் இதற்குள் கிடையாது. சுருக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் செய்வது மழுப்பல்.

இதைச் சொன்னால் எங்கட கலைப்பீடத்துப் பக்கமிருந்து உடனே ஒரு பதில் வரும்: "நல்ல இலக்கியத்தைச் சுருக்க ஏலாது, சுருக்கிறது வணிக சினிமாக்காரன்ட வேலை." கேட்க வடிவாத்தான் இருக்கு. ஆனால் இந்தப் பதிலும் அந்த மழுப்பலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கதைக்குள் எது எதை உண்டாக்கியது என்று பார்க்கிற கஷ்டத்திலிருந்து ரெண்டும் எங்களைத் தப்பவைக்கின்றன.

ஒரு கதையை எடுத்துச் செய்தே பார்ப்போம். புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்', 1943இல் வந்தது. சுருக்க முடியாத இலக்கியம் என்று யாராவது பட்டியல் போட்டால் அதில் இது கட்டாயம் இருக்கும்.

முதலில் பந்தி. பந்தியைத் தாண்டி நேரே ஒற்றை வசனத்துக்குப் பாய்கிறவர்களுக்குத்தான் 'மௌன வலி' வந்து மாட்டுகிறது. பந்தி எழுதும்போது ஒரு விதி போதும். ரெண்டு சம்பவத்துக்கு நடுவில் 'பிறகு' என்ற சொல் மட்டும்தான் பொருந்துது எண்டால், அதில ஒன்றைத் தூக்கலாம். 'ஆனால்' அல்லது 'ஆகையால்' பொருந்தினால் வைத்திருங்கள். தமிழில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். 'வந்து, பார்த்து, கேட்டு, அழுது' என்று வினையெச்சத்தைக் கோத்துக்கொண்டே போக எங்கட மொழி விடும். அப்படிக் கோக்கும்போது காரணம் இருக்கா இல்லையா எண்டு எழுதுகிறவருக்கே தெரியாமல் போய்விடும். ஆகவே எச்சத்தை வெட்டி, முற்றுவினையில் நிறுத்தி எழுதுங்கள்:

"இந்திரனின் வஞ்சனைக்குப் பிறகு கோதமனின் சாபத்தால் கல்லாய்க் கிடந்த அகலிகை, இராமனின் கால்தூசி பட்டு உயிர்பெறுகிறாள். கோதமன் அவளை ஏற்றுக்கொள்கிறான். ஆனால் மற்றவர்களின் பார்வையும் அவளுடைய சொந்தப் பயமும் அவளை விடவில்லை. ஆகையால் தன்னைக் களங்கமாகப் பார்க்காத இராமனும் சீதையுமே அவளுக்கு ஆறுதல். ஆனால் அவர்கள் வனவாசம் போகிறார்கள். பதினான்கு வருடம் கழித்துத் திரும்பிய சீதை, இராமன் கேட்டுத் தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். தன்னை மீட்டவனே மனைவியிடம் நிரூபணம் கேட்டான் என்பதை அகலிகையால் தாங்க முடியவில்லை. அவள் மறுபடியும் கல்லாகிறாள். கோதமன் துறவியாகிப் போகிறான்."

முடிவைச் சொல்லிவிட்டேன், கவனித்தீர்களா? கதைச்சுருக்கத்தில் முடிவைச் சொல்லத்தான் வேணும். அது நடுவருக்கோ தயாரிப்பாளருக்கோ போவது. "அகலிகைக்கு என்ன நடந்தது?" என்று கேள்விக்குறியோடு விடுகிறது புத்தகப் பின்னட்டைக்குச் சரி. விண்ணப்பத்தில் அப்படி விட்டால், முடிவு உங்களுக்கே தெரியாது எண்டுதான் வாசிக்கிறவர் நினைப்பார்.

எவ்வளவு வெளியில் போய்விட்டது என்றும் பாருங்கள். கோதமன்மேல் வளர்ந்திருந்த புற்று இல்லை. அவனுடைய தத்துவ விசாரம் இல்லை. அகலிகை கைகேயியைச் சந்திக்கிற இடம் இல்லை. எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் அவற்றை எடுத்தாலும் சங்கிலி அறுகிறதில்லை. அவை தேவையில்லாதவை எண்டு அர்த்தமில்லை. எது எலும்பு, எது சதை என்று இப்பதான் எங்களுக்குத் தெரியுது.

இனி ஒற்றை வசனம். முதல் முயற்சி: "சாபத்தால் கல்லான ஒரு பெண்ணின் துயரம்." இதைச் சோதிக்க ஒரு லேசான வழி இருக்கு. இந்த வசனம் வேறொரு கதைக்கும் பொருந்துதா? கம்பன் சொல்கிற அகலிகைக்கும் அப்படியே பொருந்துது. ஆக, இது புதுமைப்பித்தனின் கதையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

ரெண்டாவது முயற்சி: "கல்லாயிருந்த அகலிகை பெண்ணாகி, மறுபடியும் கல்லாகிறாள்." இது வேறு கதைக்குப் பொருந்தாது. ஆனால் 'ஆகி' என்ற எச்சம் திரும்பவும் காரணத்தை விழுங்கிவிட்டது. ஏன் கல்லானாள்? தெரியாது.

மூன்றாவது: "இராமனால் கல்லிலிருந்து மீண்ட அகலிகை, அதே இராமன் சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று அறிந்ததும் மறுபடியும் கல்லாகிறாள்."

பதினான்கு சொல். இதில் பாரம் தூக்குகிற சொல் 'அதே'. அதை எடுத்துவிட்டால் கதை விழுந்துவிடும். மீட்டவனும் தீக்குளிக்கச் சொன்னவனும் ஒருவனே என்பதுதான் இந்தக் கதை. தலைப்பில் இருக்கிற குத்தலும் அதுதான். நூறு தரம் 'ஆணாதிக்கம்' என்று எழுதினாலும் இந்த 'அதே' சொல்கிறதைச் சொல்ல ஏலாது. ஆங்கிலக் கையேடுகள் காட்டுகிற "இன்னது நடக்கும்போது இன்னார் இதைச் செய்தாக வேண்டும்" என்ற அச்சு தமிழில் ஒட்டவும் ஒட்டாது. எங்களுக்கு வினை கடைசியில் வரும். ஆகவே திருப்பம் அந்தக் கடைசி வினையில் விழுகிற மாதிரி வசனத்தைக் கட்டுங்கள்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. மௌனியின் கதைகளை இப்படிப் பிழிந்தால் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அங்கே மனநிலைதான் கதையை நகர்த்துகிறது, சம்பவச் சங்கிலி அல்ல. ஒற்றை வசனம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு கதையைக் கூடாது என்று தள்ளுகிற நடுவர் பிழை. ஆனால் எங்களிடமிருந்து போகிற கதைகளில் கனக்க மௌனி மாதிரியானவை இல்லை. அவற்றில் சம்பவம் இருக்கு, செய்த ஆளும் இருக்கு. ஒற்றை வசனத்துக்கு வரும்போது மட்டும் அந்த ஆள் மறைந்துவிடுகிறார்.

எனக்குக் கோபம் வருகிற இடம் அதுதான். "போர் ஒரு குடும்பத்தைச் சிதைத்தது" என்று எழுதினால் எழுவாய் போர். வாசல் கதவைத் தட்டியவர் யார், பெயரைக் கொடுத்தவர் யார், கையெழுத்து வைத்தவர் யார், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் யார் என்று ஒன்றுமே இல்லை. படத்துக்குள் இருபது நிமிடம் தைரியமாகக் காட்டியதை அந்த ஒரு வசனத்தில் நாங்களே அழிக்கிறோம். 'விதி', 'சூழ்நிலை', 'காலம்' எல்லாம் இதே வேலையைச் செய்கிற எழுவாய்கள்தான். "விதியின் விளையாட்டால் அகலிகை கல்லானாள்" என்று எழுதியிருந்தால் இராமன் தப்பியிருப்பான்.

அடுத்த தரம் அந்தப் பெட்டியை நிரப்பும்போது உங்கள் வசனத்தின் எழுவாயைப் பாருங்கள். அது ஒரு ஆளா? அவர் செய்த வேலைக்கு ஒரு வினைச்சொல் இருக்கா? ரெண்டும் இல்லையெண்டால் பந்திக்குத் திரும்பிப் போங்கள். அங்கேயும் அவர் இல்லையென்றால் கதைக்கே திரும்பிப் போகவேண்டியதுதான்.