வெயிலில் கூசும் கண்கள்



ராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் சில மாதங்களுக்கு முன் எழுதியிருந்தார். நான்கு வயது மகன் வாசலுக்கு வந்தாலே கண்ணை இறுக்கிக்கொள்கிறான். பகலில் திண்ணைப் படி தெரியாமல் தடுக்கி விழுகிறான். பொழுது சாய்ந்தால் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடுகிறான். கைக்குழந்தையாக இருந்தபோதே கண்மணிகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. கண்ணாடி போட்டும் மாற்றமில்லை. விழித்திரை நன்றாகவே இருக்கிறது என்றார்கள் மருத்துவர்கள். “செல்லம் கொடுத்ததால் நடிக்கிறான் என்கிறார்கள். நான் தாய்மாமனைக் கட்டியவள், அதனாலா?” என்று முடித்திருந்தார்.

இந்தப் பிள்ளை நடிக்கவில்லை. விழித்திரையை மருத்துவர் விளக்கடித்துப் பார்க்கும்போது தெரிவது அதன் தோற்றம். அது வேலை செய்கிறதா என்பதை ஈ.ஆர்.ஜி. என்ற மின்சோதனைதான் சொல்லும். வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் ஒரு மின் அலை எழுகிறது. பெரியவர்களுக்கே அது ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் சில பங்குதான். அதை வரைபடமாக்குவதுதான் இந்தச் சோதனை.

சிறுவனைப் பெரிய கண் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, 20 நிமிடம் அம்மா மடியில் இருட்டறையில் உட்கார வைத்தார்கள். கீழிமைக்கு அடியில் தோலில் மெல்லிய மின்முனை ஒட்டினார்கள். ஊசி எதுவும் இல்லை. முதலில் மிக மங்கலான ஒளி. அதற்குப் பதில் சொல்பவை இருட்டில் பார்க்க உதவும் கோல் செல்கள். அலை சரியாக வந்தது. பிறகு விளக்கைப் போட்டு, 10 நிமிடம் கழித்து, நொடிக்கு 30 முறை துடிக்கும் ஒளியைக் காட்டினார்கள். அந்த வேகத்துக்குக் கோல் செல்களால் ஈடுகொடுக்க முடியாது; பகல் பார்வையும் நிறமும் தரும் கூம்பு செல்களால்தான் முடியும். கோடு தட்டையாகவே ஓடியது.

கூம்பு செல்கள் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அக்ரோமடாப்சியா என்பது இதன் பெயர். கோல் செல்களை மட்டும் நம்பியிருக்கும் கண்ணுக்கு நடுப்பகல் வெளிச்சம் தாங்காது, எல்லாம் வெளுத்துப்போகும். அந்தி வேளையில் அவன் ஓடியதன் காரணம் இதுதான். தாயும் தந்தையும் அதே மரபணுக் குறையை ஆளுக்கு ஒன்றாகத் தங்களுக்குத் தெரியாமலே சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இது வரும். சொந்தத்தில் கட்டும்போது இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். இதில் அந்தத் தாயின் தவறு எதுவுமில்லை.

இருட்டிலும் வெளிச்சத்திலும் கோடு தட்டையாக இருந்திருந்தால் கதை வேறு. லெபர் பிறவிப் பார்வையிழப்பு போன்ற நோயைச் சந்தேகிப்பார்கள். அதில் ஆர்.பி.ஈ.65 என்ற மரபணு பழுதானவர்களுக்கு மட்டும் ஒரு மரபணு சிகிச்சை உண்டு. அமெரிக்கா 2017-இல் அதற்கு அனுமதி தந்தது. விழித்திரை அலைகள் எல்லாம் சரியாக இருந்தும் பார்வை இல்லையென்றால், பின்மண்டையில் மின்முனை ஒட்டி வி.ஈ.பி. எடுப்பார்கள். கண்ணிலிருந்து மூளைக்குச் சேதி போய்ச் சேருகிறதா என்பது அதில் தெரியும். சேராவிட்டால் நரம்பையும் மூளையையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகளும் தவறக்கூடும். பிள்ளை அழுதாலோ இமைத்தாலோ அலை கெடும். மின்முனை நழுவினாலும் கோடு தட்டையாகிவிடும். அதனால் ஒரே ஒளியை இரண்டு முறை காட்டி, இரண்டு கோடுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு வயதுக்குள் அலைகள் இயல்பாகவே சிறியவை என்பதால், சில மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வதுண்டு. விழித்திரையின் நடுப்புள்ளியில் மட்டும் உள்ள நோய் இந்த ஈ.ஆர்.ஜி.யில் தப்பிவிடலாம்.

அந்தச் சிறுவனின் குறையைப் போக்க இன்று மருந்தில்லை. ஆனால் சிவப்புச் சாயமிட்ட கண்ணாடியும் விளிம்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு பகலில் நடக்கிறான். பால்வாடியில் சன்னலுக்கு முதுகு காட்டி, முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நிறம் கேட்டு அவனை யாரும் அதட்டுவதில்லை.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பெற்றோர்களே, வெயிலில் கண்ணை மூடி அந்தியில் தெளியும் பிள்ளை, கண்மணி ஆடும் பிள்ளை, கண்ணாடி போட்டும் பார்வை தேறாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பார்த்ததை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். முகம் பார்த்துச் சிரிக்காத கைக்குழந்தைக்கும் இதே பேச்சுதான். “ஈ.ஆர்.ஜி. எடுக்க வேண்டுமா?” என்று கேளுங்கள். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இந்தச் சோதனை உண்டு. நடிக்கிறான் என்று சொல்லும் முன் அந்தக் கோட்டைப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்