சீட்டில் கிழமை வேண்டும்

முடக்குவாத மூட்டழற்சிக்கு முதன்மையான ஔஷதமாக விளங்கும் மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்பது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். ஆயினும் அதைத் தினந்தோறும் விழுங்கி உயிரிழக்கும் பரிதாபம் பல தேசங்களிலும் தொடர்ந்து நேர்கிறதென்றால், பழியை நோயாளியின் அசட்டையின்மீது சுமத்துவது நியாயமாகாது. அபாயம் நாம் சீட்டு எழுதும் சம்பிரதாயத்திலேயே இருக்கிறது.

நம் மருந்துச் சீட்டுகளில் காணும் 1-0-0 என்ற குறிப்பு, மருந்தென்றால் தினமும் சாப்பிடுவது என்ற அனுமானத்தின்மேல் எழுந்தது. 7.5 மில்லிகிராம் மாத்திரை இரண்டை வாரம் ஒரு முறை உண்ணவேண்டிய மூதாட்டிக்கு, கத்தரிக்கோலால் நறுக்கிய அட்டைத் துண்டை உறையிலிட்டு, மேலே ‘காலை 2’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், 15 மில்லிகிராம் செல்லவேண்டிய ஒரு வாரத்தில் 105 சென்றுவிடும்.

செல்கள் பெருகுவதற்கு அவசியமான ஃபோலேட்டை உடல் பயன்படுத்தவொட்டாமல் இம்மருந்து தடுக்கிறது. வாரம் ஒரு முறையாயின், எலும்பு மஜ்ஜையும் வாய், குடல் ஆகியவற்றின் உட்சவ்வும் இடைப்பட்ட நாட்களில் தேறிக்கொள்ளும்; தினமும் உண்டால் அந்த அவகாசமே அற்றுப்போகிறது. ஆதலால் ஒரு தடவை அதிகமாக விழுங்குவதைவிட, அளவு சிறிதேயானாலும் நாள்தோறும் விழுங்குவதே கொடிது. முதலில் வாய்ப்புண்ணும் தொண்டை வலியும் தோன்றும்; பின்னர் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைந்து, ஜுரம், இரத்தக்கசிவு, கிருமித்தொற்று என்று மரணம் வரை செல்லும். சிறுநீரகம் தளர்ந்த முதியோரிடம் இது இன்னும் விரைவாக நிகழும்.

கூடவே தரப்படும் ஃபோலிக் அமிலம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் உண்ணாத வேறொரு நாளில் பெரும்பாலும் கொடுக்கப்படும் அம்மாத்திரை, சரியான அளவில் மருந்துண்போரின் குமட்டல், வாய்ப்புண், கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றைத் தணிக்குமேயன்றி, அளவு மீறியவரைக் காக்காது. அதை உடல் பயன்படுத்துவதற்கு வேண்டிய நொதியையே மெத்தோட்ரெக்ஸேட் முடக்கிவிடுகிறது. அந்நிலையில் உதவுவது, அத்தடையைக் கடந்து வேலை செய்யும் ஃபோலினிக் அமிலமே. அதையும் ஆஸ்பத்திரியில் தாமதமின்றித் தரவேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் அமிலமும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாகவே பல சமயம் அமைவதால், ஒன்றை மற்றொன்றாக எண்ணி மாற்றி உண்ணும் விபரீதமும் நேர்கிறது.

ஐரோப்பிய மருந்து முகமை 2019இல், வாரமொரு முறை என்ற எச்சரிக்கை உறையில் தெளிவாக இருக்கவேண்டுமென்றும், மாத்திரைகள் குப்பியிலன்றி அட்டையிலேயே வரவேண்டுமென்றும் வலியுறுத்தியது. நம் சர்க்காரும் இதைச் செய்ய வேண்டும். அட்டையின் ஒவ்வொரு குழியின் பின்புறமும் ‘வாரம் ஒரு நாள்’ என்று தமிழில் அச்சிடுக. வைத்தியர் ‘ஞாயிறு மட்டும்’ என்பது போலக் கிழமையைப் பெயர் சொல்லி எழுதுக. கடைக்காரர் நான்கு வாரத்துக்குமேல் கொடாதிருக்க. அவசரத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்பார்க்கு நம் பதில் ஒன்றே: கிழமையின் பெயரை எழுத ஒரு கணம் போதும், அதை எழுதாத சீட்டுக்கு மருந்து கொடுக்க மறுக்கும் உரிமை கடைக்காரருக்குச் சட்டத்தாலேயே வழங்கப்பட வேண்டும்.